‘கையைக் கொடுத்துவிட்டான்’: விபத்துப் பதிவேட்டில் ஒரு வினைச்சொல்லின் எடை

பவர் பிரஸ்ஸில் விரலை இழந்த ஒருவரைப் பற்றித் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பேசும்போது, ‘மெஷினில் கையைக் கொடுத்துவிட்டான்’ என்பார்கள். ஃபரீதாபாத்திலும் மானேசரிலும் அதையே இந்தியில் ‘மெஷீன் மே ஹாத் தே தியா’ என்பார்கள். இரு மொழிகளிலும் ‘கொடு’ என்ற ஒரே வினைதான் வருகிறது. கொடுத்தவர் தொழிலாளர்; இயந்திரமோ கொடுத்ததைப் பெற்றுக்கொண்ட இடம் மட்டுமே. அடிபட்டவரிடம் கேட்டால் வினை மாறுகிறது. ‘ஹாத் ஆ கயா’ என்கிறார் அவர்: கை வந்து அகப்பட்டுவிட்டது. இந்த வாக்கியத்தில் கையே எழுவாய். செய்தவர் என்று எவரும் இல்லை.

இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே நிகழ்வைப் பற்றியவை. ஆலையின் விபத்துப் பதிவேட்டில் பெரும்பாலும் இவற்றுள் ஒன்றே ஏறுகிறது. இது யாரோ ஒருவர் பொய் சொல்வதால் மட்டும் நேர்வதன்று. பதிவேட்டை எழுதும் கை மேற்பார்வையாளருடையதாகவோ, அவருடைய சொல்லைக் கேட்டு எழுதும் அலுவலருடையதாகவோ இருக்கிறது. அடிபட்டவர் அந்நேரத்தில் மருத்துவமனையில் இருக்கிறார். 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பாதுகாப்பு அலுவலர் என்ற பணியிடத்தைப் பொதுவாக ஆயிரமோ அதற்கு மேலோ தொழிலாளர் உள்ள ஆலைகளுக்கே கட்டாயமாக்கியது. விரல்கள் போகும் சிறு உதிரிப்பாக ஆலைகளில் அப்படி ஒருவர் இருப்பது அரிது.

ஹரியானாவின் வாகன உதிரிப்பாக ஆலைகளில் காயமுற்றோரிடையே பணியாற்றும் ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு, 2019 முதல் ‘க்ரஷ்ட்’ என்ற தலைப்பில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் இயந்திரம் பவர் பிரஸ். திரும்பத் திரும்ப வரும் இழப்பு விரல். ஆகவே இரு கூற்றுகளை நேர்மையாகப் பதிவது எப்படி என்ற கேள்விக்குப் பவர் பிரஸ்ஸைவிடப் பொருத்தமான களம் இல்லை.

முதலில் இயந்திரம். பழைய வகை பவர் பிரஸ்ஸில் ஒரு கனத்த சக்கரம், ஃப்ளைவீல், எப்போதும் சுழன்றுகொண்டே இருக்கும். தொழிலாளர் பெடலை மிதித்ததும் கிளட்ச்சில் உள்ள சாவி ஒன்று அந்தச் சக்கரத்தைத் தண்டோடு பிணைக்கிறது. தண்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது. ரேம் இறங்கித் தகட்டை அழுத்தி மேலே ஏறுகிறது. சுற்று முடியும் இடத்தில் ஒரு தடுப்பான் சாவியை விலக்கிவிட, ரேம் உச்சியில் நின்றுவிடுகிறது. அந்தத் தடுப்பானின் ஸ்பிரிங் தளர்ந்தோ சாவி தேய்ந்தோ போனால், சாவி விலகாமல் இன்னொரு சுற்றும் நடந்துவிடலாம். பெடலை ஒரு முறை மிதிக்க, ரேம் இரு முறை இறங்கும். பட்டறையில் இதற்கு ‘டபுள் ஸ்ட்ரோக்’ என்று பெயர்.

இவ்வகைக் கிளட்ச்சில் தொடங்கிய சுற்றை நடுவில் நிறுத்த முடியாது. கை குறுக்கே வந்ததைக் கண்டு இயந்திரத்தை நிறுத்தும் ஒளி சென்சாரை இதில் பொருத்தினாலும், சுற்று தொடங்கிய பின் அதனால் பயனில்லை. கையைக் காக்க வல்லவை டையைச் சுற்றிய தடுப்பும், தகட்டைப் பிடித்து வைக்கும் இடுக்கியும், சரியாகப் பேணப்பட்ட கிளட்ச்சும்தான்.

இப்போது ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். இது எந்த ஓர் ஆலையையும் சுட்டுவதன்று. இத்தகைய விபத்துகளின் பொது வடிவத்தைக் கொண்டு அமைத்த எடுத்துக்காட்டு. இரவு எட்டு மணிக்குத் தொடங்கிய ஷிஃப்ட். பீகாரிலிருந்து வந்த இளந்தொழிலாளர் ஒருவர். வருகைப் பதிவேட்டில் உதவியாளர், நடைமுறையில் பிரஸ் ஓட்டுபவர். இருசக்கர வாகனத்துக்கான சிறு தாங்கியை அச்சடிக்கும் வேலை. தகட்டைக் கையால் வைத்து, பெடலை மிதித்து, அச்சான துண்டைக் கையால் எடுக்க வேண்டும். நள்ளிரவு தாண்டி இரண்டே முக்கால் மணியளவில் வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நசுங்குகின்றன. மேற்பார்வையாளர் அப்போது மூன்று இயந்திரங்கள் தள்ளி நின்றிருந்தார்.

காலையில் பதிவேட்டில் ஏறும் வரி இப்படி இருக்கும்: ‘தொழிலாளர் கவனக்குறைவாகக் கையை டைக்குள் விட்டதால் விபத்து ஏற்பட்டது.’

இந்த வரியைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ‘கையை டைக்குள் விட்டார்’ என்பது உண்மை. ஆனால் அது அன்றிரவு அந்த ஒரு கணத்துக்கு மட்டும் உரிய உண்மையன்று. கையால் ஊட்டும் வேலையில் ஒவ்வொரு துண்டுக்கும் கை டைக்குள் போய் வருகிறது, அதுதான் வேலை. அவர் விதியை மீறியிருந்தாலும் அந்த வாக்கியம் பொருந்தும். சொன்னபடியே செய்திருந்தாலும் பொருந்தும். ஆகவே அது எதையும் விளக்கவில்லை. விளக்கம் முழுவதையும் தாங்கி நிற்பது ‘கவனக்குறைவாக’ என்ற ஒரு சொல். அதுவோ எவரும் கண்ணால் கண்டதன்று.

உண்மையான கேள்வி கை ஏன் உள்ளே இருந்தது என்பதன்று; கை உள்ளே இருக்கும்போது ரேம் ஏன் இறங்கியது என்பதே. அதற்குக் குறைந்தது மூன்று விடைகள் உண்டு. கையை வெளியே எடுக்குமுன் தொழிலாளரே பெடலை மிதித்திருக்கலாம். மூடியில்லாத பெடல் மேல் கால் அறியாமல் பட்டிருக்கலாம், அல்லது துண்டு ஏதேனும் விழுந்திருக்கலாம். அல்லது கிளட்ச் சாவி விலகாமல் ரேம் இரண்டாம் முறை இறங்கியிருக்கலாம். முதல் விடை ஒருவகையில் தொழிலாளரின் பிழையைச் சுட்டும், அதுவும் ஏழாவது மணி நேரத்தின் சோர்வுக்கு உட்பட்டதாக. மற்ற இரண்டும் இயந்திரத்தையும் அதைப் பேணியவர்களையும் நோக்கித் திரும்பும். மேற்படி வரி இந்த மூன்றையும் ஒரே சொல்லால் மூடிவிடுகிறது.

அடிபட்டவர் ‘நான் ஒரு முறைதான் மிதித்தேன்’ என்று மறுத்துச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பதிவேட்டில் வழக்கமாக மூன்றில் ஒன்று நடக்கிறது.

முதலாவது, அவர் சொல்வது எழுதப்படாமலே போகிறது. ஈ.எஸ்.ஐ. விதிமுறைகளின்படி முதலாளி அனுப்பும் விபத்து அறிக்கையான படிவம் 12, விபத்தின்போது தொழிலாளர் சரியாக என்ன செய்துகொண்டிருந்தார் என்று கேட்கிறது. சட்டத்தையோ முதலாளியின் கட்டளையையோ மீறிச் செயல்பட்டாரா என்றும் கேட்கிறது. விடை எழுதிக் கையொப்பமிடுபவர் முதலாளி. தொழிலாளர் வேறுவிதமாகச் சொல்கிறார் என்று எழுத அதில் தனிக் கட்டம் இல்லை.

இரண்டாவது, எழுதப்படுகிறது, ஆனால் சாய்ந்த இலக்கணத்தில். ‘தொழிலாளர் கையை டைக்குள் விட்டார். ஆனால் இயந்திரம் தானாக இறங்கியதாக அவர் கூறுகிறார்.’ முதல் வாக்கியத்துக்குச் சொன்னவர் இல்லை. அது உலகத்தில் நடந்ததைப் போலத் தனித்து நிற்கிறது. இரண்டாவது ‘கூறுகிறார்’ என்ற வினைக்குள் அடைபட்டிருக்கிறது. தமிழில் ‘என்று’, ‘ஆக’ என்பன ஒரு செய்தியைச் சொன்னவர் தலையில் ஏற்றிவிட்டு, எழுதுபவர் விலகிக்கொள்ள உதவும் உருபுகள். அவற்றை ஒரு தரப்புக்கு மட்டும் இட்டால், மறுதரப்பை எழுதுபவரே ஏற்றுக்கொண்டதாகப் பொருள்படும். ‘மறுத்தார்’, ‘ஒப்புக்கொண்டார்’ என்ற சொற்கள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. ‘இடுக்கி பயன்படுத்தவில்லை என்பதை ஒப்புக்கொண்டார்’ என்றால், இடுக்கி அங்கே இருந்தது, பயன்படுத்தியிருக்க வேண்டும், செய்தது குற்றம் என்ற மூன்றும் கேள்வியின்றி உள்ளே நுழைந்துவிடுகின்றன. ‘இடுக்கி பயன்படுத்தவில்லை என்றார்’ என்பதில் அந்தச் சுமை இல்லை.

மூன்றாவது, நல்லெண்ணத்தோடு செய்யப்படுவது. அதனாலேயே அதிகம் ஏமாற்றுவது. இரண்டையும் கலந்து நடுநிலை வாக்கியம் ஒன்று எழுதப்படுகிறது: ‘துண்டை எடுக்கும்போது எதிர்பாராதவிதமாகக் கை சிக்கியது.’ இதில் எவர் மீதும் பழி இல்லை. எவருடைய கூற்றும் இல்லை. தொழிலாளர் சொன்ன ‘ஒரு முறைதான் மிதித்தேன்’ மறைந்துவிட்டது. கிளட்ச்சைத் திறந்து பார்க்கத் தூண்டியிருக்கக்கூடிய ஒரே செய்தி அதுதான்.

மொழி மாறும்போது இழப்பு பெருகுகிறது. தொழிலாளர் போஜ்புரி கலந்த இந்தியில் ‘உங்க்லீ கட் கயீ’, விரல் அறுபட்டது, என்கிறார். மேற்பார்வையாளர் ‘உங்க்லீ கட்வா லீ’ என்கிறார். விரலைத் தானே அறுபட வைத்துக்கொண்டான் என்பது அதன் உட்பொருள். தமிழிலும் ‘கை வெட்டுப்பட்டது’ என்பதற்கும் ‘கையை வெட்டிக்கொண்டான்’ என்பதற்கும் இடையே இதே தொலைவு உண்டு. ‘கொள்’ என்ற துணைவினை செயலைச் செய்தவரிடமே திருப்பிவிடுகிறது. பேச்சில் இது பழிசொல்லும் எண்ணமின்றியே வரும். தாய்கூட மகனைப் பார்த்து ‘கையை வெட்டிக்கிட்டு வந்து நிக்கிறான்’ என்பாள். ஆனால் அந்தத் துணைவினை ஆங்கிலப் படிவத்துக்குப் பெயர்க்கப்படும்போது, தொழிலாளரை எழுவாயாகக் கொண்ட உறுதியான செய்வினை வாக்கியமாகிறது. பேச்சில் பழக்கமாக இருந்தது, படிவத்தில் குற்றமாகிறது.

இந்தச் சொற்களுக்கு விலை உண்டு. 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, ஒரு கையில் இரு விரல்கள் போனால் வருவாய் ஈட்டும் திறனில் 20 விழுக்காடு இழப்பு என்று கணக்கிட்டது. அதே சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பாதுகாப்புக்கென வெளிப்படையாக இட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறியதாலோ, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றியதாலோ புறக்கணித்ததாலோ நேர்ந்த காயத்துக்கு முதலாளி பொறுப்பல்லர் என்றது. சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் இந்த விலக்கு பொருந்தாது. ஆகவே அது சரியாக வந்து விழும் இடம் இரண்டு விரல் போன்ற இழப்புகளே. 2020 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இந்த விலக்கைக் கைவிடவில்லை. ஈ.எஸ்.ஐ. சட்டம் சற்றே கனிவானது: விதியை மீறியிருந்தாலும், செய்தது முதலாளியின் தொழிலுக்காகவே என்றால் அது பணியில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும் என்று 51பி பிரிவு சொன்னது. ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் முறையாகச் சேர்க்கப்படாத தொழிலாளருக்கு அந்தக் கனிவு எளிதில் எட்டுவதில்லை. அவருக்குக் ‘கவனக்குறைவு’ என்ற சொல்லுக்கும் ‘வேண்டுமென்றே மீறினார்’ என்ற வாதத்துக்கும் இடையே உள்ள தூரம் ஒரு வழக்கறிஞரின் தூரம்தான்.

அதைவிடப் பெரிய விலை ஒன்றும் உண்டு. காரணம் ‘கவனக்குறைவு’ என்றால் தீர்வு என்ற கட்டத்தில் ‘தொழிலாளர்களுக்கு அறிவுறுத்தப்பட்டது’ என்று எழுதப்படும். ஸ்பிரிங் அப்படியே இருக்கும். அடுத்த ஷிஃப்ட்டில் அதே பெடலருகே வேறொருவர் நிற்பார்.

நேர்மையான பதிவு எப்படி இருக்கும்? இரண்டு கூற்றுகளும் தனித்தனியே, அவரவர் மொழியில், தன்மை இடத்தில், ஒரே கேள்விகளுக்கு விடையாக எழுதப்பட்டிருக்கும். ‘ஏன் கையை விட்டாய்?’ என்பது கேள்வியன்று. முடிவைச் சொல்லிவிட்டு ஒப்புதல் கேட்பது. ‘அந்தத் துண்டைத் தொடங்கியதிலிருந்து நடந்ததைச் சொல்லுங்கள்’ என்பதே கேள்வி. இருவருக்கும் பொதுவான துணைக்கேள்வி ஒன்று உண்டு: ‘இதில் நீங்கள் கண்டது எது, பிறகு நினைத்துக்கொண்டது எது?’

எடுத்துக்காட்டின் தொழிலாளர் கூற்று இப்படி அமையலாம்: ‘தகட்டை வைத்தேன். பெடலை ஒரு முறை மிதித்தேன். ரேம் இறங்கி ஏறியது. காலை எடுத்துவிட்டேன். அச்சான துண்டை எடுக்கக் கையை நீட்டினேன். ரேம் மறுபடியும் இறங்கியது. முந்தைய இரவும் இப்படி இரண்டு தடவை இறங்கியது, சூப்பர்வைசரிடம் சொன்னேன். அந்த மெஷினில் இடுக்கி இல்லை.’

மேற்பார்வையாளர் கூற்று: ‘நான் மூன்று மெஷின் தள்ளி நின்றிருந்தேன். அலறல் கேட்டுத் திரும்பினேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ரேம் மேலே நின்றிருந்தது. காலை நான் பார்க்கவில்லை. கையை எடுக்குமுன் மிதித்திருப்பார் என்று நினைக்கிறேன். மெஷின் இரட்டை அடி அடிப்பதாக அவர் என்னிடம் சொல்லவில்லை. இடுக்கி ஸ்டோரில் இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள்.’

இப்படி எழுதியதுமே ஒன்று புலப்படும். விபத்தின் கணத்தை மேற்பார்வையாளர் பார்க்கவில்லை. காலையில் எழுதப்பட்ட ஒற்றை வரியில் நேர்சாட்சியம் போல நின்றது, அவருடைய ஊகம். இதைச் சொல்வது அவரைப் பொய்யர் ஆக்குவதன்று. அவர் சொல்லாத உறுதியை அவர் தலையில் ஏற்றாமல் காப்பது. தொழிலாளர் பக்கமும் இதே அளவுகோல்தான். ‘காலை எடுத்துவிட்டேன்’ என்பது அவர் உணர்ந்தது. ‘கிளட்ச் கெட்டுவிட்டது’ என்று அவர் சொன்னால் அது அவருடைய ஊகம். ஊகம் என்றே எழுத வேண்டும்.

அடுத்து, இருவரும் உடன்படுவதும் முரண்படுவதும் பிரிக்கப்படும். நேரம், இயந்திரம், வேலை, கையால் ஊட்டியது, டையில் தடுப்பு இல்லாதது, அந்நேரம் இடுக்கி கையில் இல்லாதது: இவற்றில் தகராறு இல்லை. முரண் மூன்றிலேயே உள்ளது. ரேம் இறங்கியது எத்தனை முறை மிதித்ததால்? முந்தைய இரவு முறையிடப்பட்டதா? இடுக்கி உண்மையில் கிடைக்கும் நிலையில் இருந்ததா? பெரும் பகை போலத் தோன்றியது, விடை தேடத்தக்க மூன்று கேள்விகளாகச் சுருங்குகிறது.

ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, அதைத் தீர்க்க வல்ல பொருள் எது என்று எழுதப்படும். முதலாவதற்குக் கிளட்ச் சாவியும் தடுப்பானின் ஸ்பிரிங்கும். டைக்குள் கிடந்த துண்டும்கூட. முழுமையாக அச்சான துண்டின் மேல் விரல் நசுங்கியிருந்தால், முதல் அடி ஒழுங்காக முடிந்த பிறகே ரேம் மீண்டும் இறங்கியிருக்கிறது என்று கொள்ள இடமுண்டு. விரல் இடையில் வந்ததால் அரைகுறையாக அச்சான துண்டு என்றால், முதல் அடியிலேயே கை உள்ளே இருந்திருக்கிறது. இரத்தத்தைக் கழுவும்போது முதலில் ஸ்கிராப் தொட்டிக்குப் போவதும் அந்தத் துண்டுதான். இரண்டாவது கேள்விக்குப் பராமரிப்புப் பதிவேடும், அதே இயந்திரத்தை முந்தைய நாள்களில் ஓட்டிய மற்றவர்களும். மூன்றாவதற்கு ஸ்டோரின் வழங்கல் பதிவேடு.

இதற்கு ஒரு கால எல்லை உண்டு. பிரஸ் நின்றால் உற்பத்தி நிற்கும். சில மணி நேரத்தில் ஃபிட்டர் வந்து கிளட்ச்சைச் சரிசெய்துவிட்டால் சான்று போய்விடும். ஆகவே தொழிலாளரின் முழுக் கூற்றுக்குக் காத்திராமல், இயந்திரம் அன்றிரவே நிறுத்தப்பட்டுப் படம் எடுக்கப்பட வேண்டும். பிறகு பெடலைப் பத்து முறை மிதித்துப் பார்த்து ‘ஒழுங்காக இருக்கிறது’ என்று எழுதுவதும் போதாது. தேய்ந்த சாவி நூறு முறை விலகி, நூற்றோராவது முறை விலகாமல் போகலாம். சோதனையில் பிழை தென்படவில்லை என்பது தொழிலாளர் கூற்றைப் பொய்ப்பிக்காது. எத்தனை முறை சோதித்தார்கள் என்பதோடு அது எழுதப்பட வேண்டும்.

அடிபட்டவரின் கூற்றை எப்போது எடுப்பது என்பதும் நுண்மையான கேள்வி. வலியிலும் மயக்கமருந்தின் பிடியிலும் இருப்பவரிடம் அச்சிட்ட தாளில் கைநாட்டு வாங்குவது பதிவாகாது. அவருக்காகப் பல நாள் காத்திருந்தால் மேற்பார்வையாளரின் வரி மட்டுமே ஆலைக்குள் உண்மையாக உறைந்துவிடும். நடைமுறைக்கு ஏற்றது இரண்டு கட்டம். முதலில் அவர் பேச முடிந்தபோது இரண்டு மூன்று வாக்கியங்கள். தெளிந்த பிறகு முழுக் கூற்று. இரண்டிலும் நாள், நேரம், இடம், உடன் இருந்தவர், மொழிபெயர்த்தவர் யார் என்பன இருக்க வேண்டும். மொழிபெயர்ப்பவர் அதே மேற்பார்வையாளராக இருக்கக் கூடாது. பின்னது முன்னதோடு முரண்பட்டாலும் முன்னது அழிக்கப்படாது; மேற்பார்வையாளர் பிறகு திருத்திச் சொன்னாலும் அப்படியே. மறுதரப்பின் கூற்றை ஒருவரிடம் காட்டுவது, அவருடைய கூற்று எழுதப்பட்டு வாசித்துக் காட்டப்பட்ட பிறகே.

இதற்குப் புதுச் சட்டம் வர வேண்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஈ.எஸ்.ஐ. விதிமுறைகள் விபத்தைத் தெரிவிக்கும் உரிமையைத் தொழிலாளருக்கே தந்தன: எழுத்திலோ வாய்மொழியாகவோ சொல்லலாம், அவர் சார்பில் வேறொருவரும் சொல்லலாம், விபத்துப் புத்தகத்தில் பதிந்தாலே அது போதிய அறிவிப்பு. தொழிலாளர் கூற்றுக்கு அந்தப் புத்தகத்தில் இடம் உண்டு. உடன் வேலை செய்பவர் ஒருவர் அவர் சொன்னபடி அதில் எழுதிக் கையொப்பமிட்டால் போதும். படிவம் 12 உடன் தனித்தாள் இணைக்கவும் தடை இல்லை.

எதிர்ப்புகள் உண்டு, அவற்றுள் இரண்டு கேட்கத்தக்கவை. இழப்பீட்டுக்காகத் தொழிலாளர் கதை கட்டுவார் என்பது ஒன்று. கட்டலாம். வேலை போய்விடும் என்று அஞ்சும் மேற்பார்வையாளரும் கட்டலாம்; அவரும் பல இடங்களில் ஒப்பந்தக்காரரின் ஆளே. இருவருக்கும் காரணம் இருக்கிறது என்பதாலேயே ஒருவரின் சொல்லை மட்டும் சொன்னவர் பெயரின்றி உண்மையாக எழுதக் கூடாது. சோதிக்கத்தக்க கேள்விகளாகப் பிரித்து எழுதப்பட்ட பதிவில் கட்டுக்கதை நிலைப்பது கடினம். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லில் நிலைப்பது எளிது.

மற்றொன்று, முடிவு சொல்லாத பதிவால் என்ன பயன் என்பது. முடிவு சொல்லும் பொறுப்பு ஆய்வாளருக்கும் மருத்துவக் குழுவுக்கும் தீர்ப்பாயத்துக்கும் உண்டு. விபத்துக்கு மறுநாள் காலையில் எழுதுபவருக்கு அந்தப் பொறுப்பும் இல்லை, அதற்கான சான்றும் இல்லை. அவர் கடமை, முடிவு சொல்லப்போகிறவர்கள் பார்க்க வேண்டியவற்றை அழியாமல் வைப்பது. அதோடு, இந்த முரணில் முடிவு வரும்வரை காத்திராமலே செய்யத்தக்கவை பல. யார் சொல்வது சரி என்றாலும் டைக்குத் தடுப்புத் தேவை, பெடலுக்கு மூடி தேவை, கிளட்ச்சைத் திறந்து பார்க்க வேண்டும், இடுக்கி ஸ்டோரில் அன்றி இயந்திரத்தின் அருகே தொங்க வேண்டும்.

இரு கூற்றுகளையும் எழுதிவிட்டால் உண்மை தானே வெளிவந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. சில விபத்துகளில் முரண் கடைசிவரை முரணாகவே நிற்கும். ஸ்பிரிங் ஏற்கெனவே மாற்றப்பட்டிருக்கும், துண்டு தொலைந்திருக்கும். அப்போதும் ‘தீர்மானிக்க இயலவில்லை, கிளட்ச் பரிசோதிக்கப்படுமுன் பழுது பார்க்கப்பட்டது’ என்று எழுதப்பட்ட வரி, ‘கவனக்குறைவு’ என்ற வரியைவிட அதிகம் சொல்கிறது. ஆறு மாதம் கழித்து அதே இயந்திரத்தில் இன்னொருவர் ‘ஒரு முறைதான் மிதித்தேன்’ என்று சொன்னால், பழைய ஏட்டைப் புரட்டுபவர் அந்த வாக்கியத்தை அங்கே முன்பே காண்பார்.